சகலையின் ஐம்பத்தொரு தட்டு

என் சகலையின் மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நான் ஏதோ பெரிய நிதானஸ்தன், சொந்தத்தில் யார் கடன் கேட்டாலும் நிறுத்துப் பார்த்துப் பதில் சொல்பவன் என்று நினைத்துவிடுவீர்கள். அப்படியெல்லாம் இல்லை.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். என்னைவிட ஐந்து வயது இளையவர். தைப்பிங்கில் அரசாங்க அலுவலகத்தில் வேலை. சொந்த வீடு. நாள் தவறாமல் பெய்யும் அந்த ஊர் மழையில்கூட நனையாத உத்தியோகம். நான் ஈப்போவில் ஏர்கான் பழுது பார்க்கிறவன். ஏணியும் பெட்டியுமாக அடுத்தவர் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டு இருப்பேன். அவர் என்னை "அண்ணே" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். அந்த மரியாதையும் எனக்குப் பிடிக்காது. அவ்வளவு ஒழுங்காக ஒரு மனிதர் நடந்துகொண்டால், அவரைப் பற்றி மனைவியிடம் ஒரு குறைகூடச் சொல்ல முடிவதில்லை.

போன வருடம் அவர் மகளுக்குச் சடங்கு செய்தார்கள். பெண் பெரியவளானால் தாய்மாமன் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவர வேண்டும். என் மனைவிக்கும் அவள் தங்கைக்கும் ஒரே அண்ணன். எனக்கு மச்சான். ஆயர் தாவார் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். ஒரு காலத்தில் அங்கே ரப்பர் தோட்டத்தில் இருந்த குடும்பம். மாமனார் சீக்கிரம் போய்விட, இரண்டு தங்கைகளையும் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். தனக்கென்று கடைசியாகத்தான் கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளைகள் இல்லை. அதனால் தங்கைகளின் பிள்ளைகள்தான் அவருக்கு எல்லாம்.

அன்று மண்டப வாசலில் உறுமி மேளம் முழங்கியது. ஆட்கள் ஆடிக்கொண்டே தட்டுகளைத் தூக்கிவந்தார்கள். பழம், பூ, பட்டுப் புடவை, வளையல், கோபுரமாக அடுக்கிய சாக்லெட், ஆள் உயர கரடி பொம்மை. மச்சான் தலைப்பாகை கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். லாரி ஓட்டும் மனிதர் அன்று ராஜா மாதிரி இருந்தார். நான் தட்டுகளை எண்ணினேன். நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை எண்ணினேன். ஐம்பத்தொன்று. கடைசித் தட்டில் ஒரு சங்கிலி. இரண்டு பவுன் இருக்கும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ சொன்னார்கள். நான் கேட்காமலேயே சொன்னார்கள்.

சகலை கை கட்டிக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றார். அந்த முகத்தில் இருந்த பணிவு எனக்கு எரிச்சலாக இருந்தது. வீடு திரும்பும் வழியில் என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். சுங்கை சிப்புட் தாண்டிய பிறகு, "அண்ணனுக்கு எப்பவுமே சின்னவ மேலதான் பாசம்" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கும் வலித்திருக்கிறது என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். நான் மட்டும் அற்பன் இல்லை.

இனி எங்கள் வீட்டுக் கதை. புந்தோங் பக்கம் பன்னிரண்டு வருடமாக ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் ஒரு சீனக் கிழவி. மகனோடு போய் இருக்கப் போவதாகவும், வீட்டை விற்கப் போவதாகவும், முதலில் உங்களைத்தான் கேட்கிறேன் என்றும் சொன்னார். நாங்கள் ஒன்பது வருடமாக இதற்காகத்தான் சேர்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி ஒரு பாலர் பள்ளியில் உதவியாளர். அவள் சம்பளத்தை நாங்கள் தொட்டதே கிடையாது.

வீடு வாங்கியவர்களுக்கு இந்த முறை தெரியும். விலையில் பத்தில் ஒரு பங்கு நம் கையிலிருந்து போக வேண்டும். மீதியை வங்கி தரும். அந்தப் பத்தில் ஒரு பங்கிலும் கொஞ்சத்தை முன்பணமாகக் கட்டி வீட்டைப் பிடித்துக்கொள்ளலாம். மிச்சத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்று கொடுக்க வேண்டும். வங்கி கடிதம் கொடுத்துவிட்டது. முன்பணம் கட்டியாகிவிட்டது. கையெழுத்துக்கு மூன்று வாரம் தவணை. அதற்குள் மிச்சத்தைக் கொண்டுவராவிட்டால் முன்பணம் போனது போனதுதான், வீடும் அடுத்தவருக்கு. வக்கீல் செலவையும் சேர்த்துப் பார்த்தால் எங்களிடம் இருந்தது சரியாக இருந்தது. மேலே கொஞ்சம் மிஞ்சியது. அது எங்கள் மகளின் சடங்குக்கு.

ஆமாம், எங்கள் மகளும் அந்தச் சமயம் பார்த்துப் பெரியவளானாள். வெற்றிலை பாக்குத் தட்டோடு ஆயர் தாவார் போய் மச்சானை முறைப்படி அழைத்துவிட்டு வந்தோம். அடுத்த வாரம் அவரே ஈப்போவுக்கு வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். மனைவி காப்பி கலக்க உள்ளே போனதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாப்ள, ஒங்ககிட்ட கேக்க வெக்கமாத்தான் இருக்கு. எட்டாயிரம் வெள்ளி இருந்தா குடுங்க. கடனாத்தான். மாசா மாசம் குடுத்துர்றேன்."

எட்டாயிரம் ரிங்கிட் எதற்கு என்று கேட்டேன். என் மகளின் சீருக்கு என்றார். சின்னவள் மகளுக்கு ஐம்பத்தொரு தட்டு தூக்கிவிட்டுப் பெரியவள் மகளுக்குக் குறைத்தால் ஊர் காறித் துப்பும் என்றார். லாரி முதலாளி இரண்டு மாதமாக ஓவர்டைம் கொடுக்கவில்லை, கையில் ஒன்றும் இல்லை என்றார்.

இதைப் படிக்கிற வேறு ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரலாம். என் மகளுக்குச் சீர் செய்ய என்னிடமே கடன் கேட்கிறார். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. எனக்கு உறுமி மேளச் சத்தம் கேட்டது. எங்கள் தெருவில் ஐம்பத்தொரு தட்டு வரிசையாக வருகிறது. சகலை ஓரமாக நின்று எண்ணுகிறார். என் மனைவியின் முகம் மலர்ந்திருக்கிறது. இவ்வளவையும் காப்பி வருவதற்குள் பார்த்து முடித்துவிட்டேன்.

வேறு யாராவது எட்டாயிரம் கேட்டிருந்தால் அந்த நிமிடமே இல்லை என்றிருப்பேன். இங்கே கேட்டவரின் ஆசையைவிட என் ஆசை பெரிதாக இருந்தது. அதனால், "கையெழுத்து வேல முடியட்டும் மச்சான், பாத்துச் செய்வோம்" என்றேன். எங்கள் குடும்பத்தில் இதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

அடுத்த நாளே வழி தேட ஆரம்பித்தேன். ஒரு சின்னக் கடன் எடுத்து அவருக்குக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. வீட்டுக் கடனைப் பார்த்த வங்கி அதிகாரியிடம், நண்பர் ஒருவருக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டுப் பணம் வங்கியிலிருந்து வெளியே போகும்வரை உங்கள் நண்பரைப் புதுக்கடன் எதுவும் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், கடைசி நேரத்தில் இன்னொரு முறை சரிபார்ப்பார்கள், மாதத் தவணை கூடியிருந்தால் கொடுத்த அனுமதியே கேள்விக்குறியாகிவிடும் என்றார். சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஒதுக்கியிருக்கும் பங்கை நான் ஏற்கனவே இந்த வீட்டுக்காகத் துடைத்து எடுத்துவிட்டேன். ஆக, எட்டாயிரம் கொடுத்தால் அது கையெழுத்துப் பணத்திலிருந்துதான் போக வேண்டும். கையெழுத்துக்குள் அது திரும்பி வராது.

அன்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகளின் பள்ளிச் சீருடையை மடித்து, பிரித்து, திரும்ப மடித்தாள். அவளுக்கும் உறுமி மேளம் கேட்கிறது என்று புரிந்துகொண்டேன்.

துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "அம்பத்தொரு தட்டு வந்தா எங்க வைக்கப் போறீங்க? அடுத்த வாடக வீட்டுலயா?"

அப்போதுதான் அவள் இன்னொன்றும் சொன்னாள். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. "அவரு என் அண்ணன். இல்லன்னு நீங்க சொல்லுங்க. நேர்ல போய்ச் சொல்லுங்க. என் பேர இழுக்காதீங்க. போன்ல சொல்லாதீங்க."

இல்லை என்று சொல்வதில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. ஒரு தடவை என் சித்தப்பா மகன் ஒருவனுக்குக் கடன் கொடுத்தேன். அவன் இன்று கோயிலில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கமாகச் சாமி சுற்றுகிறான். கொடுத்த பணமும் போயிற்று, கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு தம்பியும் போனான். அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டு கடன் கேட்ட இன்னொருத்தரிடம் பொய் சொன்னேன். பணம் எல்லாம் சேமநிதியில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றேன். முன்பெல்லாம் அந்தப் பொய் நன்றாக ஓடியது. இப்போது அதிலிருந்தும் ஒரு பங்கை எடுக்கலாம் என்று ஊருக்கே தெரியும். அவர் தன் கைப்பேசியிலேயே எப்படி எடுப்பது என்று காட்டி எனக்குப் பாடம் நடத்தினார். நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொடுக்காததற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என்னைப் பொய்யன் என்று தெரிந்துகொண்டதற்குத்தான் கோபித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை காடியை, அதாவது காரை, எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். ஈப்போவிலிருந்து ஆயர் தாவார் ஒன்றேகால் மணி நேரம். போகும் வழியில் பொய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். காடி கெட்டுவிட்டது என்று சொல்லலாம். அந்தக் காடியில்தான் போகிறேன். மகள் டியூஷனுக்குக் கட்டிவிட்டேன் என்று சொல்லலாம். மகளே மாமாவிடம் எல்லாம் உளறிவிடுவாள். மனைவி வேண்டாம் என்றாள் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் இரவு எனக்குச் சோறு கிடைக்காது. போத்தா ஊரைத் தாண்டும்போது என்னிடம் இருந்த பொய்யெல்லாம் தீர்ந்துபோனது. உண்மை ஒன்றுதான் மிச்சம்.

மச்சான் வீட்டு வாசலில் காடியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்றுதான் இருந்தது.

நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் ஊர்க்கதையெல்லாம் பேசி, மதியம் ஆகி, சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"மச்சான், எட்டாயிரம் என்னால குடுக்க முடியாது. இப்பவும் முடியாது, கையெழுத்து முடிஞ்சப்புறமும் முடியாது. அன்னிக்கே சொல்லியிருக்கணும். ஆசப்பட்டுச் சொல்லாம விட்டுட்டேன். தப்பு என் மேலதான்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. வீட்டு விஷயத்தை முழுதாகச் சொன்னேன். எவ்வளவு கட்டியாயிற்று, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதி, தவறினால் என்ன ஆகும். கடிதத்தைக்கூடக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரையே பார்த்தார்.

"நான் தட்டுக்காரிக்கு ஐந்நூறு வெள்ளி அட்வான்ஸ் குடுத்துட்டேனே மாப்ள" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நான் பாதி வாயால் சொன்ன வார்த்தையை நம்பி, கையில் இருந்த கடைசிப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அன்றைக்கே இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த ஐந்நூறு அவர் கையில் இருந்திருக்கும். வெட்கத்தில் என் காது சூடாகிவிட்டது.

அதை நான் கொடுக்கிறேன் என்றேன். கடன் இல்லை, என் தவறுக்கான தண்டம் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அப்போது அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "அந்தப் பொம்பளைக்குப் போன் பண்ணிக் கேளுங்களேன், ஐந்நூறுக்கு எத்தன தட்டு கட்டித் தருவான்னு" என்றார். ஆண்கள் எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

போன் செய்தோம். அலங்காரத்தோடு பதினொன்று கட்டித் தருவதாகச் சொன்னாள். உள்ளே வைக்கிற சாமான் நம் பொறுப்பு.

"பதினொண்ணு போதும் மச்சான்" என்றேன். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு வலித்தது என்று உங்களிடம் மறைக்கவில்லை. எட்டாயிரத்துக்கு இல்லை என்று சொன்னபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. ஐம்பத்தொன்று, பதினொன்று. சகலைக்கு அது, எனக்கு இது. வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டு மனசுக்குள் நாற்பது தட்டைக் கழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். "பெரியவளுக்குக் கொறச்சிட்டேன்னு பேசுவாங்க மாப்ள."

"பேசட்டும். தட்டு கொண்டுவராட்டி போகுது. நீங்க முந்தின நாளே வந்து எங்க வீட்டுல தங்கணும். அது இல்லன்னாதான் எனக்குக் கொற."

அக்கா சாப்பிடாமல் போகக் கூடாது என்றார். நெத்திலி சம்பலும் சுடுசோறும் போட்டார். மூவரும் சாப்பிட்டோம். மச்சான் எனக்கு இரண்டாவது தடவை சம்பல் எடுத்துப் போட்டார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. சம்பல் போட்டதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்வதா, முகம் பார்க்காததைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமலே வீடு வந்து சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவரிடமிருந்து ஒரு போன் இல்லை. வழக்கமாக வாரத்துக்கு இரண்டு முறை தங்கையைக் கூப்பிடுவார். மனைவி கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடுவில் வக்கீல் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். பேனாவை வைத்ததும் வீட்டுக்காரக் கிழவி என் மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். திரும்பும் வழியில், "அண்ணன்கிட்ட சொல்லலாமா?" என்று மனைவி கேட்டாள். எனக்குத் தைரியம் வரவில்லை. நம் வீட்டுக்காக அவர் மானம் போகிறது என்று நினைப்பாரோ என்று பயம். வேண்டாம் என்றேன்.

மச்சானிடம் பேசாத அந்தப் பதினைந்து நாளும் நான் சகலையைத்தான் நினைத்தேன். அவரிடம் யாரும் கடன் கேட்பதில்லை. கேட்டாலும் யாருக்கும் கோபம் வராதபடி ஏதோ சொல்லிவிடுகிறார் போல. அவருக்கு ஐம்பத்தொரு தட்டும் கிடைத்தது, மச்சானும் கிடைத்தார். எனக்குப் பதினொன்று. அதோடு மச்சானும் வருவாரோ மாட்டாரோ. ஏணி மேல் நிற்கும்போதுகூட இதே யோசனை. ஒரு நாள் ஒரு வீட்டில் திருகாணியைத் தவறவிட்டு அந்த வீட்டு அம்மாளிடம் திட்டு வாங்கினேன்.

சடங்குக்கு முந்தின நாள் சாயங்காலம் வாசலில் ஒரு காடி நின்றது. மச்சானும் அக்காவும் இறங்கினார்கள். அக்கா கையில் மாற்றுத் துணிப்பை. மச்சான் வீட்டைச் சுற்றி நடந்து கூரையைப் பார்த்தார். பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து பார்த்தார். திரும்பி வந்து என் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

"தண்ணி நல்லா வருதுலா மாப்ள. வாங்கலாம், நல்ல வீடு."

வாங்கியாயிற்று மச்சான் என்றேன். அவருக்குக் கண் கலங்கியதா, எனக்குக் கலங்கியதா தெரியவில்லை. நான் உடனே பந்தல்காரனைத் திட்டப் போய்விட்டேன்.

மறுநாள் எங்கள் வாசல் பந்தலிலேயே சடங்கு. உறுமி மேளம் இல்லை. மச்சான் தலைப்பாகை கட்டிக்கொண்டு முதல் தட்டைத் தானே தூக்கிவந்தார். பின்னால் பத்து. நான் யாரையும் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எல்லோரையும் பார்த்தேன். என் கொழுந்தியாள், அதாவது சகலையின் மனைவி, முன்வரிசையில் இருந்தாள். அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள். பதினொன்றோடு உதடு நின்றது. பிறகு அவள் என் மனைவியைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நான் என்னென்னவோ அர்த்தம் பண்ணிக்கொண்டேன். வயிறு எரிந்தது. வீட்டுப் பத்திரமே கையில் வந்தமாதிரி இருந்தும் வயிறு எரிந்தது.

மச்சான் என் மகளை மணையில் உட்காரவைத்து மாலை போட்டார். அதற்குப் பிறகு ஆள் நிற்கவில்லை. பந்திக்கு இலை போட்டார், தண்ணீர் வைத்தார், சமையல்காரனிடம் சண்டை போட்டார். தன் சொந்த வீடு போல நடமாடினார்.

நான் கை கழுவுகிற இடத்தில் நின்றிருந்தபோது சகலை வந்தார். குரலைத் தாழ்த்தி, "அண்ணே, மச்சான் ஒங்ககிட்ட சீருக்குப் பணம் கேட்டாரா?" என்றார்.

கேட்டார் என்றேன். நான் கொடுக்கவில்லை என்றும் சொன்னேன். சொல்லும்போதே இந்த ஆள் இதை வைத்து என்னைக் கஞ்சன் என்று நினைப்பார் என்று தோன்றியது.

அவர் குழாயைத் திறந்தார், கையை நீட்டவில்லை. "என்கிட்டயும் கேட்டாரு. போன வருஷம். நான் குடுத்தேன். அந்த அம்பத்தொரு தட்டும் என் காசுதாண்ணே. சங்கிலியும்."

நான் அவரைப் பார்த்தேன். ஒரு வருடம் முழுக்க நான் வயிறெரிந்த சீரை அவர் தனக்குத் தானே செய்துகொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நல்ல வேளை, அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

"நான் ஒரு தடவகூடத் திருப்பிக் கேக்கல. சத்தியமா கேக்கல. ஆனா அன்னிலேருந்து அவரு எங்க வீட்டுப் பக்கம் வரதே இல்ல. மொதல்லாம் மாசம் ஒரு தடவ வருவாரு. எம் பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா, மாமா ஏன் வரலன்னு. போன் போட்டா அக்காதான் எடுக்குது. இன்னிக்குக்கூட என்னப் பாத்ததும் சமையல் பக்கம் போயிட்டாரு."

அப்போதுதான் நானும் திரும்பிப் பார்த்தேன். மச்சான் ஒரு வாளி சாம்பாரோடு பந்தி வரிசையில் வந்துகொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தார். வாளியை யார் கையிலோ கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சகலை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நேத்தே வந்து இங்கதான் தங்குனாராமே அண்ணே" என்றார். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். வருடக்கணக்காக எனக்குள்ளேயே கேட்ட குரல் அது.

"எப்படிண்ணே இல்லன்னு சொன்னீங்க? கோவமே வராத மாதிரி எப்படிச் சொன்னீங்க?"

கோபம் வந்தது, பதினைந்து நாள் போன் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். முதலில் சம்மதம் போலச் சொல்லி அவரை ஐந்நூறு வெள்ளி செலவழிக்க வைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். உங்கள் தட்டைத் தோற்கடிக்கத்தான் அப்படிச் சொன்னேன், மனைவி இல்லாவிட்டால் நானும் கொடுத்திருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். பாவம், அது அவருக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும்.

"சும்மா நேராப் போய்ச் சொன்னேன்லா, அவ்வளவுதான்" என்றேன். என் சகலை என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை. அதை அன்று சாயங்காலம் வரைக்குமாவது வைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.